மீதி: ஹ ஒன்று

மாரண்டஹள்ளி தக்காளி மண்டிக்குப் பின்னால் ஒரு சந்து இருக்கிறது. அந்தச் சந்தில் ஒரு வாசகசாலை இருக்கிறது என்று சொன்னால், மண்டிக்குத் தினம் வந்துபோகிறவர்களே பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். ஆனாலும் இருக்கிறது. ஒற்றை அறை, இரண்டு பெஞ்சு, ஒரு மின்விசிறி, ஆயிரத்துச் சொச்சம் புத்தகங்கள். வாசலில் போர்டு: ‘மாரண்டஹள்ளி தக்காளி வியாபாரிகள் வாசகர் சங்கம்’. பெயர்தான் அப்படி. ஆறு வருடத்தில் அங்கே வந்து உட்கார்ந்து ஒரு புத்தகத்தை முழுசாகப் படித்த தக்காளி வியாபாரி யார் என்று கேட்டால் செயலாளர் தமிழ்மணி பேச்சை மாற்றிவிடுவார்.

தமிழ்மணிக்குக் காலையில் பால் சொசைட்டியில் வேலை. கொண்டுவருகிற பாலை வாங்கி, அளந்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லி, அதனால் ஊரில் நாலைந்து பேரிடம் பகையையும் சம்பாதித்துக்கொண்டு பத்து மணிக்கு வெளியே வருவார். அதற்கப்புறம் அவருக்கு உலகமே இந்த அறைதான். ஒவ்வொரு புத்தகத்தையும் யார் யார் வீட்டு வாசலிலோ நின்று கேட்டு வாங்கி, சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தவர். வீட்டில் அவர் மனைவி ஒரே பேச்சில் சொல்லிவிட்டாள், இன்னொரு புத்தகம் இந்த வாசற்படியைத் தாண்டினால் தான் தாண்டி வெளியே போய்விடுவதாக. ஆக, அந்த அறை போனால் ஆயிரம் புத்தகமும் பழைய பேப்பர் கடைக்குத்தான் போகும். அதை நினைத்தாலே மனுஷனுக்குச் சோறு இறங்காது.

இப்போது அந்த அறைக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. அறையின் சொந்தக்காரர் மண்டி ராஜப்பன். வாடகை வாங்காமல் ஆறு வருடம் விட்டுவைத்திருந்தார். இந்த வருடம் சரக்கு வரத்து அதிகம். காலிப் பெட்டிகளை அடுக்க இடமில்லாமல் தெருவில் வைக்க, மாடு முட்டித் தள்ள, போலீஸ்காரர் வந்து திட்ட, கடைசியில் அவர் கண் இந்த அறையில் விழுந்தது. தமிழ்மணி போய்க் கெஞ்சினார். ராஜப்பன் கெட்டவர் இல்லை, ஆனால் கணக்கு பார்க்கிற ஆள். ஆண்டு விழாவுக்குத் தானே வருவதாகவும், அங்கே ஆள் இருக்கிறதா, இல்லை ஃபேன் மட்டும் சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டு அன்றைக்கே முடிவு சொல்வதாகவும் சொல்லி அனுப்பினார்.

ஆள் சேர்க்க வேண்டும். பேச்சுப்போட்டி வைத்தால் பேசுகிறவர் மட்டும்தான் வருவார். கோலப்போட்டிக்கு அறைக்குள் இடமில்லை. யோசித்து யோசித்து, சொல் கட்டும் போட்டி என்று முடிவு செய்தார். போர்டில் இருக்கிற சங்கத்தின் பெயரையே கொடுத்துவிடுவது. அதிலிருக்கும் எழுத்துகளை வைத்து அரை மணி நேரத்தில் எத்தனை சொல் முடியுமோ அத்தனை எழுத வேண்டும். அதிகம் எழுதுகிறவருக்கு ஐந்து லிட்டர் குக்கர். குக்கர் என்று நோட்டீஸில் போட்டதும் முப்பத்து நான்கு பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். இலக்கியத்துக்காக இத்தனை பேர் வந்தார்கள் என்று தமிழ்மணி மனசாரச் சந்தோஷப்பட்டார். பாவம்.

விழா அன்று மத்தியானம் இரண்டரைக்குச் சந்தே நிறைந்துவிட்டது. பெஞ்சு போதாமல், மண்டியிலிருந்து காலித் தக்காளிப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்காரவைத்தார்கள். செல்போன்களை எல்லாம் ஒரு கூடையில் வாங்கிவைத்தாயிற்று. நடுவராகக் கோகிலவாணி டீச்சர் வந்திருந்தார். தமிழ் டீச்சர். சிரிக்க மாட்டார் என்றில்லை, சிரிப்புக்கு முன்னால் ஒரு முறை திருத்திக்கொள்வார்.

பலகையில் டீச்சர் பெயரைப் பெரிதாக எழுதினார். கீழே எழுத்துக் கணக்கையும் போட்டார். மொத்தம் இருபத்தைந்து எழுத்து. ‘க’ மட்டும் மூன்று. ‘ச’, ‘ள்’, ‘ளி’ இரண்டிரண்டு. மற்றதெல்லாம் ஒவ்வொன்றுதான். உயிர்மெய் முழுசாக ஒரு எழுத்து. ‘கா’ வேண்டும் என்றால் ‘கா’தான் வேண்டும், ‘க’வுக்குக் கால் ஒட்டிக்கொள்ளக் கூடாது. பெயரிலேயே இருக்கிற சொற்களை அப்படியே திருப்பி எழுதினால் செல்லாது.

விதியை அறிவிக்கும் பாக்கியத்தைத் தமிழ்மணி விட்டுக்கொடுக்கவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்: “பலகையில எந்த எழுத்து எத்தனை இருக்குதோ அத்தனைதாங்க. அதுக்கு மேல ஒண்ணு எடுத்தாலும் செல்லாது.” அவ்வளவுதான் சொன்னார். ஒரு சொல்லை எழுதி முடித்ததும் எழுத்தெல்லாம் திரும்ப வந்துவிடும், அடுத்த சொல்லுக்கு மறுபடி முழு இருபத்தைந்திலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம், ‘பாசம்’ எழுதினவர் அதே ‘ம்’மை வைத்து ‘வாசம்’ எழுதலாம் என்பதைச் சொல்லவில்லை. இது யாருக்குத்தான் தெரியாது என்று நினைத்துவிட்டார்.

மணி அடித்ததும் முப்பத்து நான்கு தலையும் குனிந்தன. உரக்கடையில் பில் போடுகிற குரு கைக்கு ஓய்வே கொடுக்கவில்லை. ராஜப்பனின் மனைவி நிர்மலாதேவி முன்வரிசையில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்து, பேப்பர் கிழிகிற மாதிரி எழுதினார். அவருக்குக் குக்கர் ஒரு பொருட்டில்லை. வீட்டில் நாலு இருக்கிறது. ஆனால் ஊர் பார்க்கத் தோற்கிற பழக்கம் அந்த அம்மாவுக்கு இல்லை. கடைசிப் பெட்டியில் பாஞ்சாலி. பஸ் ஸ்டாண்டு ஓரம் காய்கறிக் கடை போட்டிருப்பவர். மத்தியானம் வியாபாரம் மந்தமானால் வாசகசாலைக்கு வந்து பேப்பரை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும், டெண்டர் நோட்டீஸ் உட்பட, படித்துவிட்டுப் போகிற ஒரே ஆள். அவர் மற்றவர்களைப்போல் எழுதிக்கொண்டே போகவில்லை. பலகையைப் பார்ப்பதும், எதையோ எழுதுவதும், உடனே அடிப்பதும், விரல் விட்டு எண்ணுவதுமாக இருந்தார். தமிழ்மணிக்கு அவரைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. தினம் படிக்கிற ஆளுக்கே இந்தக் கதி என்றால் படிக்காதவர்கள் சிரிக்க மாட்டார்களா என்று கவலைப்பட்டார்.

அரை மணி முடிந்தது. தாள்களை வாங்கியதும் யார் எத்தனை என்று ஒரு பார்வை பார்த்தார்கள். நிர்மலாதேவி எழுபத்தொன்று. குரு ஐம்பத்தைந்து. மற்றவர்கள் முப்பது, நாற்பது. பாஞ்சாலி ஒன்பது. ஒன்பது என்று டீச்சர் வாய்விட்டுப் படித்ததும் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தாளின் அடியில் வேறு ‘மீதி: ஹ 1’ என்று எழுதியிருந்தது. அது என்ன என்று டீச்சருக்குப் புரியவில்லை. தாளைக் கடைசிக்குத் தள்ளிவிட்டார். பாஞ்சாலி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

திருத்துவதற்குத் தமிழ்மணி ஒரு ஏற்பாடு செய்திருந்தார். அதில் அவருக்கு ரொம்பப் பெருமை. கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வெட்டி, அட்டைக்கு ஒரு எழுத்தாக இருபத்தைந்து எழுதிவைத்திருந்தார். ஒரு சொல்லைப் படித்ததும் அந்தந்த அட்டையை மேஜையில் வரிசையாக வைப்பது. அட்டை கிடைத்தால் சொல் செல்லும். அட்டை போதவில்லை என்றால் அடி. வாயால் வாதாட வேண்டியதே இல்லை.

நிர்மலாதேவியின் தாளை முதலில் எடுத்தார்கள். ‘வியாபாரம்’ வைத்தார்கள், சரி. ‘சகவாசம்’ வைத்தார்கள், ‘ச’ இரண்டு கேட்கிறது, இரண்டு இருக்கிறது, சரி. டீச்சரே தலையாட்டினார். அடுத்தது ‘காக்கா’. ஒரு ‘கா’ வைத்தார்கள், ‘க்’ வைத்தார்கள், அதற்கு மேல் ‘கா’ இல்லை. டீச்சர் ஒரு கோடு இழுத்தார். அடுத்தது ‘மாமா’. ஒரே ஒரு ‘மா’தான். கோடு. அடுத்தது ‘மரம்’. ‘மா’ இருக்கிறது, ‘ம்’ இருக்கிறது, வெறும் ‘ம’ எங்கே தேடியும் இல்லை. கோடு. ‘கடகட’வுக்கு ‘க’ இரண்டு கிடைத்தது, ‘ட’ ஒன்றுதான். கோடு.

பாதித் தாளிலேயே பன்னிரண்டு கோடு விழுந்துவிட்டது. தமிழ்மணிக்கு வேர்த்தது. இந்த வேகத்தில் போனால் எழுபத்தொன்று நாற்பத்தைந்துக்கு வந்துவிடும். குருவின் தாளை அவர் ஏற்கனவே ஓரக்கண்ணால் பார்த்திருந்தார்; அதில் தப்பு மூன்றுக்கு மேல் தேறாது. மண்டிக்காரர் சம்சாரம் அத்தனை பேர் முன்னால் உரக்கடைப் பையனிடம் தோற்பது, அதை மண்டிக்காரர் பார்த்துக்கொண்டிருப்பது, அப்புறம் அறை பற்றிய முடிவைச் சொல்வது. வரிசையாக நினைத்துப் பார்த்தார்.

பால் சொசைட்டியில் பதினெட்டு வருடம் ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டுக்கொடுக்காத மனுஷன் அன்றைக்கு அந்தக் காரியத்தைச் செய்தார். டீச்சர் தண்ணீர் குடிக்கத் திரும்பிய நேரம் பார்த்து, மேஜைக்கடியில் ஒரு வெற்று அட்டையை எடுத்து ‘கா’ என்று எழுதி மற்ற அட்டைகளோடு கலந்துவிட்டார். ஒரு காக்காயாவது பிழைத்துப் போகட்டும் என்றுதான். அடித்த ‘காக்கா’வை இன்னொரு தடவை பார்த்துவிடலாமா என்று டீச்சரிடம் ஈனக்குரலில் கேட்டார்.

பின்னாலிருந்து ஒரு கை வந்து அட்டைகளின் மேல் விழுந்தது. ராஜப்பன். வந்து எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியாது. லாரியில் அடுக்கியிருக்கும் பெட்டிகளைக் கீழே நின்றபடி ஒரே பார்வையில் எண்ணிச் சொல்கிற கண் அது.

“பலகையில இருபத்தஞ்சுன்னு போட்டிருக்குது. இங்க இருபத்தாறு இருக்குதே, தமிழு?”

ராஜப்பன் அட்டைகளை விரலால் ஒதுக்கிப் பார்த்து, மை காயாத ‘கா’வை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். டீச்சர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். நிர்மலாதேவி பார்த்தார். முப்பத்து நான்கு பேரும் பார்த்தார்கள். எதற்காக இந்த வேலை என்று ராஜப்பன் கேட்க, தமிழ்மணி தலையைக் குனிந்துகொண்டு, அக்கா தோத்துடக் கூடாதுன்னுதாங்க என்றார். வெட்கத்தில் அவர் காது இரண்டும் பழுத்த தக்காளிபோல் ஆகிவிட்டன.

“ஏம்ப்பா, என் வூட்டுக்காரிக்கோசரம் தராசுல கல்லு வெக்கறியா? நான் முப்பது வருசமா மண்டி வெச்சிருக்கிறேன். ஒருத்தனுக்கு ஒரு கிலோ குறைச்சிருப்பனா?”

அந்த ‘கா’வைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு மேஜை முன்னால் உட்கார்ந்துவிட்டார். இனிமேல் அட்டையை அவர் வைப்பாராம். டீச்சர் படித்தால் போதுமாம். அடுத்த சொல் ‘தங்கம்’. ராஜப்பன் ‘த’, ‘ங்’, ‘க’, ‘ம்’ என்று நாலு அட்டையை எடுத்து வைத்தார். அழகாக உட்கார்ந்தது. மகிழ்ச்சியோடு மனைவியைப் பார்த்துச் சிரித்தார். அடுத்து ‘ரசம்’. ‘ர’வும் ‘ச’வும் வைத்தார். ‘ம்’மைத் தேடினார். இல்லை. அது தங்கத்தில் இருக்கிறது.

தீர்ந்துவிட்டது என்றார் ராஜப்பன். தங்கத்திலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று டீச்சர் பொறுமையாகச் சொன்னார். ராஜப்பன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“வித்த சரக்க எப்படிங்க டீச்சர் திரும்ப எடுக்கறது?”

விற்கவில்லை, இது விளையாட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் எல்லா எழுத்தும் புதிதாகக் கிடைக்கும் என்று டீச்சர் விளக்கினார். விளக்க விளக்க ராஜப்பன் முகம் இறுகியது. விதியை அறிவிக்கும்போது அப்படிச் சொன்னார்களா என்று கேட்டார். எத்தனை இருக்குதோ அத்தனைதான் என்று சொன்னதாகத்தான் கூட்டத்தில் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. அப்படியென்றால் இருக்கிறது இருபத்தைந்து பெட்டி. அதை வைத்துக்கொண்டு இவள் எழுபத்தொரு லாரிக்கு லோடு எழுதியிருக்கிறாள், அந்தப் பையன் ஐம்பத்தைந்துக்கு எழுதியிருக்கிறான், நீங்களும் சரி சரி என்று டிக் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள், ஒரே பெட்டியை இத்தனை பேருக்குக் காட்டி விற்கிறவனை மண்டியில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவோம் தெரியுமா என்று கேட்டார். அந்தப் பெயரையும் சொன்னார். டீச்சர் காதைப் பொத்திக்கொண்டார்.

நிர்மலாதேவிக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. விளையாட்டு புரியாவிட்டால் பேசாமல் உட்கார வேண்டியதுதானே, ஊர் முன்னால் பெண்டாட்டியைத் திருடி என்கிறீர்களே என்று ஆரம்பித்தார். குரு எழுந்து, உலகம் முழுக்க இந்த விளையாட்டை இப்படித்தான் ஆடுகிறார்கள் என்றான். உலகம் முழுக்க ஆடட்டும், தக்காளி வியாபாரிகள் சங்கத்தில் இருப்பு என்றால் இருப்பு, தீர்ந்தால் தீர்ந்தது என்று ராஜப்பன் எழுந்து நின்றுவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டினார். தமிழ்மணிக்குத் தெரியும், ராஜப்பன் வேட்டியை மடித்துக் கட்டினால் ஏலம் முடிந்தது என்று அர்த்தம்.

“இதுக்குத்தான் ஆறு வருசமா வாடக இல்லாத ரூமா? நாளைக்கு புஸ்தகத்த எடுத்துக்கப்பா. பெட்டி எறக்கறேன்.”

தமிழ்மணி புத்தக அலமாரியைப் பார்த்தார். சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்த ஒவ்வொரு மூட்டையும் ஞாபகத்துக்கு வந்தது. கண் கலங்கியதை மறைக்க, மேஜையில் கிடந்த தாள்களை ஒழுங்காக அடுக்குகிறமாதிரி குனிந்தார். அடுக்கும்போது கடைசித் தாள் கைக்கு வந்தது. ஒன்பதே சொல். அடியில் ‘மீதி: ஹ 1’. கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். சந்தை முடிந்ததும் காய்கறிக்காரர்கள் நோட்டில் எழுதிவைக்கிறார்களே, வெண்டை மீதி இவ்வளவு, கத்தரி மீதி இவ்வளவு என்று, அப்படி எழுதியிருந்தது. அவருக்குப் பொறி தட்டியது.

போகிற ராஜப்பனைக் கையைப் பிடித்து நிறுத்தினார். அதற்கு முன் அவர் அந்தக் கையைத் தொட்டதே கிடையாது. ஒரே ஒரு தாள், நீங்களே வைத்துப் பாருங்கள், விற்றதைத் திரும்ப எடுக்காமல் வையுங்கள் என்றார்.

டீச்சர் படித்தார். ‘சங்கடம்’. ராஜப்பன் நின்றபடியே ஐந்து அட்டையை வைத்தார். ‘தக்கார்’ என்றதும் அது என்ன வார்த்தை என்று யாரோ கேட்க, கோயில் நிர்வாகம் பார்க்கிறவர், கோயில் போர்டில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்களே என்று பாஞ்சாலி பின்னாலிருந்து சொன்னார். நாலு அட்டை. ‘யாளி’, கோயில் தூணில் நிற்கிறது, இரண்டு அட்டை. ‘சரண்’, மூன்று. ‘களி’, இரண்டு. அதற்குள் ராஜப்பன் உட்கார்ந்துவிட்டார். ‘மாரி’, இரண்டு. ‘வாள்’, இரண்டு. ‘கள்’ என்று படிக்க டீச்சர் கொஞ்சம் தயங்கினார். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சொல்தான் என்று சிரிப்பு எழுந்தது. இரண்டு அட்டை. அடுக்கி வைத்த அட்டை எதையும் யாரும் கலைக்கவில்லை. மேஜை ஓரத்தில் மூன்றே மூன்று அட்டை மிச்சம். கூட்டம் பெட்டிகளை விட்டு எழுந்து மேஜையைச் சுற்றிக்கொண்டது.

‘பாவி’ என்றார் டீச்சர். ராஜப்பன் ‘பா’வையும் ‘வி’யையும் எடுத்து வைத்தார். ‘ஹ’ மட்டும் தனியாகக் கிடந்தது.

ராஜப்பன் அந்த ‘ஹ’வையே பார்த்தார். முப்பது வருட மண்டியில் காலையில் இறக்கிய சரக்கு சாயந்திரம் ஒரே ஒரு காய் தவிர எல்லாம் விற்றுப்போன நாள் ஒன்று இருந்ததா என்று யோசித்தாரோ என்னவோ. நசுங்கினது போகும், அழுகினது போகும், மாடு தின்றது போகும். இங்கே இருபத்தைந்தில் இருபத்து நாலும் ஒழுங்காக விலைபோயிருக்கிறது.

“எப்படிம்மா பண்ண?” என்று கேட்டார்.

பாஞ்சாலி முன்னால் வந்தார். இருக்கறது அத்தனைதான்னு தமிழ்மணித் தம்பி சொல்லுச்சுங்க, அப்ப இருக்கறதுல அதிகமா வார்த்தை தேத்தணும், மிச்சம் வெக்கக் கூடாதுன்னு நெனச்சேன் என்றார். எல்லாரும் நாற்பது ஐம்பது எழுதுவதைப் பார்த்து, இத்தனை எழுத்து இவர்களுக்கு எங்கிருந்து கிடைக்கிறது என்று பயந்தும் போனாராம். முதலில் ‘தங்கம்’ எழுதினாராம். தங்கம் போட்டால் ‘ட’ தேங்கிவிட்டது. அதனால் தங்கத்தை அடித்துவிட்டுச் ‘சங்கடம்’ எழுதினாராம். எந்த எழுத்து லேசில் போகாதோ அதை முதலில் தள்ளிவிட வேண்டும், நல்ல எழுத்து தானாகப் போகும், கடையிலும் அப்படித்தானே என்றார். ‘ங்’கும் ‘க்’கும் ‘யா’வும் போனபிறகு மற்றது ஓடிவிட்டது, இந்த ‘ஹ’தான் யாரும் வாங்காமல் நின்றுவிட்டது, மன்னிச்சுக்குங்க என்று அவர் சொன்னபோது, எதற்கு மன்னிப்பு என்று தமிழ்மணி பதறினார்.

கோகிலவாணி டீச்சர் அப்போதும் நியாயத்தை விடவில்லை. மற்ற தாள்களைப் பலகைக் கணக்கை வைத்தே திருத்தி முடித்தார். போட்டி விதிப்படி முதல் பரிசு குருவுக்குத்தான், ஐம்பத்திரண்டு செல்லும் சொல், குக்கர் அவனுக்கு என்று அறிவித்தார். பாஞ்சாலியம்மா ஆடியது வேறு ஆட்டம், அதில் அவருக்கு எதிராளியே இல்லை என்றும் சேர்த்துச் சொன்னார். சொல்லிவிட்டுத் திருத்தாமலே சிரித்தார். ராஜப்பன் தன் பங்குக்கு, தனக்குப் போட வைத்திருந்த பொன்னாடையை எடுத்துப் பாஞ்சாலிக்குப் போட்டார். ஒரு பெட்டி தக்காளியும் கொடுக்கச் சொன்னார். அதையே விற்று அலுத்துப்போன பாஞ்சாலி, தக்காளி வேண்டாமுங்க, வெங்காயமா குடுங்க என்றார்.

அறை பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. தமிழ்மணிதான் பொறுக்கமுடியாமல், நாளைக்குப் புத்தகத்தை எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். ராஜப்பன் காதில் அது விழவில்லை. ‘ஹ’வைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி கேட்டதும் எரிச்சலோடு நிமிர்ந்தார்.

“இரப்பா. இத விக்காம எப்படி ரூம காலி பண்றது? அட்டையெல்லாம் அப்படியே இருக்கட்டும், யாரும் தொடாதீங்க.”

மறுநாள் ஏலம் முடிந்து மூன்று மணிக்கு ராஜப்பன் வாசகசாலைக்கு வந்துவிட்டார். அதற்கு மறுநாளும். இருபத்தைந்து அட்டையைப் பரப்பிக்கொண்டு, கலைப்பதும் அடுக்குவதுமாகச் சாயந்திரம் வரைக்கும் உட்கார்ந்திருப்பார். அவரைத் தேடிக்கொண்டு கமிஷன்காரர்கள் வந்தார்கள். வந்தவர்களும் உட்கார்ந்தார்கள். அகராதி வேண்டும் என்று கேட்டு, அலமாரியிலிருந்த அகராதியில் ‘ஹ’ பக்கத்தை அழுக்காக்கினார்கள். பாலக்கோட்டுக்குப் போகிற லாரி டிரைவர் ஒருவர், லோடு ஏறும்வரை என்று வந்து உட்கார்ந்து, பக்கத்தில் கிடந்த ஒரு கதைப் புத்தகத்தை எடுத்து, முடிக்காமல் போக மாட்டேன் என்று அடம்பிடித்தார். ஆறு வருடத்தில் தமிழ்மணி கண்ணால் காணாத காட்சி. ஆனால் அவருக்கு நிம்மதி இல்லை. ராஜப்பன் நெற்றியைச் சுருக்கும்போதெல்லாம், கண்டுபிடித்துவிட்டாரோ என்று இவர் ஓடிப்போய் எட்டிப் பார்த்தார். ‘ஹ’ விலைபோன அன்றைக்குப் பெட்டி இறங்கிவிடுமே.

பத்தாம் நாள் நிர்மலாதேவி வந்தார். புருஷனோடு பேசாமல் இருந்தவர், நேராக மேஜைக்கு வந்து, “விரஹம்” என்றார். பழைய புஸ்தகத்தில் விரகத்தை அப்படித்தான் எழுதுவார்கள், ‘ஹ’ போட்டு. டீச்சருக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். செல்லும் என்றார் டீச்சர். ராஜப்பன் துள்ளி எழுந்தார். தமிழ்மணி அலமாரியைப் பிடித்துக்கொண்டார்.

‘வி’, ‘ர’, ‘ஹ’, ‘ம்’ என்று எடுத்து வைத்தார்கள். ‘வி’யை எடுத்ததும் ‘பாவி’ போனது. ‘ர’வை எடுத்ததும் ‘சரண்’ உடைந்தது. ‘ம்’மை எடுத்ததும் ‘சங்கடம்’ விழுந்து, ‘ங்’கும் ‘ட’வும் நடு மேஜையில் அநாதையாக நின்றன. ஒன்றை விற்கப்போய் மூன்று திரும்பி வந்துவிட்டது. ராஜப்பனும் நிர்மலாதேவியும் சண்டையை மறந்து தலையோடு தலை சேர்த்து ஒரு மணி நேரம் அந்த ‘ங்’குக்கு இடம் தேடினார்கள். ‘ம்’ ஒன்றே ஒன்று. அதை விரஹம் விழுங்கிவிட்டது. ‘தங்கள்’ என்று தள்ளிப்பார்த்தால் ‘தக்கார்’ உடைந்து ‘க்’ நின்றது. விடிவு இல்லை. இன்னொரு ‘ம்’ இருந்தால் என்று நிர்மலாதேவி பெருமூச்சு விட்டார். தமிழ்மணி பக்கம் திரும்பிய ராஜப்பன், எழுதிடாதப்பா என்று எச்சரித்துவிட்டு, மனைவியோடு டீ குடிக்கக் கிளம்பினார். போகும்போது, இது முடியறதுக்கு ஒரு வருசம் ஆகும்போல, காலிப் பெட்டிக்குப் பெட்ரோல் பங்கு பக்கத்தில் ஷெட்டு போடச் சொல்லிவிட்டேன் என்று போகிறபோக்கில் சொன்னார்.

தமிழ்மணி பெஞ்சில் உட்கார்ந்து ஆழமாக மூச்சு விட்டார். அந்தப் பக்கம் பாஞ்சாலி டெண்டர் நோட்டீஸ் படித்துக்கொண்டிருந்தார். இந்தப் பத்து நாளும் மேஜைப் பக்கமே அவர் வரவில்லை என்பது தமிழ்மணிக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள், ஒரே நாளில் இருபத்து நாலை விற்ற ஆள் நீங்கள், நீங்கள் உட்கார்ந்தால் முடிந்துவிடுமே, ஏன் தேடவில்லை என்று கேட்டார்.

பாஞ்சாலி பேப்பரை மடித்தார். வாசலில் ராஜப்பன் போய்விட்டாரா என்று எட்டிப் பார்த்துக்கொண்டார்.

“நல்லா கேட்டீங்க தம்பி. சரக்கு பூரா வித்துப்போச்சுன்னா அப்பறம் கடைய சாத்தணுமில்ல?”